மாதிரித் துண்டு சொல்வதும் சொல்லாததும்: ரஃப்னெஸ் டெஸ்டரைச் சரிபார்த்தல்

கையடக்க ரஃப்னெஸ் டெஸ்டர் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சிறிய உலோகத் துண்டும் சேர்ந்தே வரும். அதன் முகத்தில் ஒரே அளவான மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடும். ஓரத்தில் 2.97 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண் துண்டின் Ra, அதாவது சராசரிச் சொரசொரப்பு, அலகு மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கருவியின் ஊசியை இந்தத் துண்டின் மேல் ஓட்டி, திரையில் வரும் எண்ணைப் பொறித்த எண்ணோடு ஒப்பிடுவதுதான் சரிபார்ப்பு.

வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் இரு எண்களும் ஒத்துப்போகாதபோது என்ன செய்கிறோம் என்பதில்தான் பல பட்டறைகளில் தவறு நடக்கிறது. ஒத்துப்போகும்போது அதிலிருந்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக் கூடாது என்பதிலும் தெளிவு குறைவு. இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு கியர்பாக்ஸ் ஷாஃப்ட். அதில் ஆயில் சீல் உட்காரும் இடத்தை கிரைண்டிங் செய்திருக்கிறார்கள். வரைபடத்தில் அந்த இடத்துக்கு Ra 0.8 மைக்ரான் உச்சவரம்பு.

சரிபார்ப்பும் திருத்தமும் வெவ்வேறு

சரிபார்ப்பு என்றால் கருவி இப்போது என்ன காட்டுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது. திருத்தம் என்றால் கருவிக்குள் இருக்கும் பெருக்கத்தை மாற்றி, துண்டின் எண்ணையே காட்டும்படி செய்வது. பல கருவிகளில் இரண்டும் ஒரே மெனுவில் இருக்கின்றன. துண்டின் எண்ணை உள்ளிட்டு, ஓட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் திருத்தம் முடிந்துவிடும். அதனால் தினமும் காலையில் வந்ததும் "கேலிப்ரேஷன் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல பழக்கம் அல்ல. பழைய எண் என்னவாக இருந்தது என்பதே அப்போது அழிந்துபோகிறது. கருவியின் பெருக்கம் மாறிவருகிறதா, துண்டு தேய்ந்துவருகிறதா, நேற்று யாரேனும் அமைப்பை மாற்றினார்களா என்று கண்டுபிடிக்க உதவும் ஒரே தடயம் அந்த எண்தான்.

எனவே முதல் விதி: திருத்தும் பொத்தானைத் தொடாமல், சாதாரண அளவீடாகவே துண்டை அளந்து, வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். திருத்தம் தேவையா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

துண்டை அளக்கும் முறை

முதலில் துண்டின் தொடர் எண்ணும் சான்றிதழில் உள்ள தொடர் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு கருவிகள் இருக்கும் இடத்தில் துண்டுகள் பெட்டி மாறிப்போவது சாதாரணம். ஒன்றில் 2.97, மற்றதில் 2.92 என்றிருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பதிவேட்டில் மட்டும் தெரியும்.

பிறகு சுத்தம். நூல் உதிராத துணியில் சிறிது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் விட்டு, கோடுகள் ஓடும் திசையிலேயே மெதுவாகத் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் துணியின் நூல் கோடுகளுக்குள் சிக்கும். துண்டின் முகத்தை விரலால் தொடக் கூடாது. ஊசியைத் துணியால் துடைக்கவே கூடாது. மென்மையான பிரஷ்ஷோ ஊதுகுப்பியோ போதும். வைர முனை கடினமானதுதான். ஆனால் அதைத் தாங்கும் கை மிக மெல்லியது, பக்கவாட்டு அழுத்தத்தில் வளைந்துவிடும்.

துண்டையும் கருவியையும் கிரானைட் மேசை போன்ற அதிராத தளத்தில் வையுங்கள். ஊசி கோடுகளுக்குச் செங்குத்தாக ஓட வேண்டும். சற்றே சாய்ந்து ஓடினால் Ra பெரிதாக மாறாது. மேடு பள்ளத்தின் உயரம் அதேதான். அவற்றுக்கிடையே உள்ள தூரம் மட்டும் கொஞ்சம் நீண்டதாகத் தெரியும். ஆனால் கோடுகளின் போக்கிலேயே ஓடினால் ஊசி ஒரே பள்ளத்துக்குள் பயணம் செய்து மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். ஷாஃப்ட்டிலும் இதே கதைதான். கிரைண்டிங் கோடுகள் சுற்றளவின் போக்கில் இருக்கும், எனவே ஊசியை அச்சின் போக்கில் ஓட்ட வேண்டும்.

கருவியின் முன்பகுதி துண்டின் முகத்துக்கு இணையாக இருக்கிறதா என்பது அடுத்தது. பெரும்பாலான கையடக்கக் கருவிகளில் ஊசிக்குப் பக்கத்தில் ஸ்கிட் என்ற உருண்ட தாங்கி இருக்கும். அது பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டே செல்ல, ஊசி அதனோடு ஒப்பிட்டு ஏறி இறங்கும். ஸ்கிட் பரப்பில் படாமல் ஊசி மட்டும் பட்டாலும், ஸ்கிட் பட்டு ஊசி மிகக் குறைவாகவே தொட்டாலும், வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. ஊசியின் நிலையைக் காட்டும் குறி திரையில் நடுவில் நிற்கும்வரை உயரத்தைச் சரிசெய்யுங்கள். கருவியோடு வரும் சிறு மேடையில் துண்டை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக அமைப்புகள். சான்றிதழில் எந்தக் கட்-ஆஃப் குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதையே வையுங்கள். பெரும்பாலும் அது 0.8 மில்லிமீட்டர், ஐந்து முறை. அதாவது 4 மில்லிமீட்டர் நீளம் கணக்கில் வரும். முன்னும் பின்னும் சிறிது ஓட்டம் சேர, ஊசி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நகரும். அலகையும் பாருங்கள். அமெரிக்க வரைபடத்தை அளந்துவிட்டு மைக்ரோ இஞ்சிலேயே விட்டுப்போயிருந்தால் 2.97-க்குப் பதில் 117 வரும். அவ்வளவு பெரிய வித்தியாசம் உடனே கண்ணில் பட்டுவிடும், பயமில்லை. பயப்பட வேண்டியது கட்-ஆஃப் பற்றித்தான். சற்றுப் பின்னால் அதற்கு வருகிறேன்.

இப்போது துண்டின் ஐந்து வெவ்வேறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப ஓட்டினால் வைர முனை அந்த இடத்தைச் சிறிது சிறிதாகத் தேய்க்கும். பல ஆண்டுகள் பயன்பட்ட துண்டுகளில் நடுவில் மட்டும் ஒரு மங்கிய பாதை தெரிவது அதனால்தான்.

எண்களைப் படித்தல்

துண்டில் 2.97 என்று இருக்கிறது என்போம். ஐந்து அளவீடுகள் 2.91, 2.95, 2.92, 2.96, 2.91. சராசரி 2.93. வித்தியாசம் 0.04, அதாவது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. சான்றிதழில் அந்த 2.97-க்கே ஒரு ஐயப்பாடு குறிப்பிடப்பட்டிருக்கும், எடுத்துக்காட்டாகக் கூட்டல் கழித்தல் 0.09 என்று. துண்டின் உண்மையான மதிப்பே 2.88-க்கும் 3.06-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று அதைச் சான்றளித்தவரே சொல்லும்போது, 2.93-ஐ 2.97 ஆக்க முயல்வதில் அர்த்தமில்லை. கருவி சரியாக இருக்கிறது. எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

அடுத்த வாரம் வேறு விதமாக வருகிறது: 2.62, 2.66, 2.63, 2.65, 2.64. சராசரி 2.64. பதினொரு சதவீதம் குறைவு. இங்கே முக்கியமான தடயம், ஐந்தும் ஒன்றோடொன்று நெருக்கமாக இருப்பது. தூசியோ அதிர்வோ காரணமாக இருந்தால் எண்கள் சிதறும். ஒரே அளவில் எல்லாமே குறைந்திருந்தால் அமைப்பில் மாற்றம், அல்லது ஊசியில், அல்லது துண்டில்.

இந்த எடுத்துக்காட்டில் நேற்று மாலை யாரோ நன்றாகப் பாலிஷ் செய்த ஒரு பாகத்தை அளக்க, கட்-ஆஃபை 0.25-க்கு மாற்றி அப்படியே விட்டிருக்கிறார்கள். கட்-ஆஃப் என்பது ஒரு வடிகட்டி. அதைவிட நீண்ட அலைகளை, அதாவது பரப்பின் மெதுவான ஏற்ற இறக்கங்களை, அது ஒதுக்கிவிட்டுக் குறுகியவற்றை மட்டுமே சொரசொரப்பாக எண்ணுகிறது. ஆனால் அது கத்தி வெட்டு அல்ல. கருவிகளில் இருக்கும் காஸ் வடிகட்டி, கட்-ஆஃபுக்குச் சமமான நீளமுள்ள அலையில் பாதியை மட்டும் உள்ளே விடும். அலை குறுகக் குறுக உள்ளே விடும் பங்கு கூடும். துண்டின் கோடுகளுக்கிடையே 0.14 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், 0.8 கட்-ஆஃபில் ஏறத்தாழ முழு உயரமும் வரும். 0.25 கட்-ஆஃபில் 89 சதவீதம்தான் வரும். 2.97-இல் 89 சதவீதம் 2.64. கணக்கு பொருந்துகிறது, கருவிக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த நிலையில் காரணம் தேடாமல் திருத்தும் பொத்தானை அழுத்திவிட்டால் என்ன ஆகும்? கருவி தன் பெருக்கத்தை 2.97-ஐ 2.64-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது பன்னிரண்டரை சதவீதம் உயர்த்திக்கொள்ளும். துண்டில் இப்போது 2.97 அழகாக வரும். பிறகு ஷாஃப்ட்டை அளக்க யாரோ கட்-ஆஃபைச் சரியாக 0.8-க்கு மாற்றுவார்கள். உண்மையில் 0.74 உள்ள ஷாஃப்ட் 0.83 என்று காட்டும். நல்ல பாகம் திருப்பி அனுப்பப்படும், கிரைண்டிங் கல்லை வீணாக டிரெஸ் செய்வார்கள், ஆபரேட்டர் மேல் பழி விழும்.

எதிர்ப்பக்கம் இதைவிட மோசம். துண்டைத் துடைக்காமல் அளந்து, தூசியால் 3.20 வந்து, அதை 2.97-க்குத் திருத்திவிட்டார்கள் என்று வையுங்கள். கருவி இனி ஏழு சதவீதம் குறைத்துக் காட்டும். உண்மையில் 0.85 உள்ள, வரம்பைத் தாண்டிய ஷாஃப்ட் 0.79 என்று காட்டித் தேறிவிடும். முந்தைய தவறு பட்டறைக்குள்ளேயே தெரிந்துவிடும். இந்தத் தவறு வாடிக்கையாளரின் கியர்பாக்ஸில் எண்ணெய் கசியும்போதுதான் தெரியும்.

ஆகவே வித்தியாசம் பெரிதாக இருந்தால் வரிசை இதுதான்: சுத்தம், இணைநிலை, கட்-ஆஃபும் மற்ற அமைப்புகளும், பிறகு மீண்டும் அளவீடு. அப்படியும் அதே வித்தியாசம் நின்றால், அதே வகையான வேறொரு துண்டில் அளந்து பாருங்கள். இரண்டு துண்டிலும் ஒரே சதவீதம் விலகினால் மட்டுமே அது கருவியின் பெருக்கம்; திருத்தலாம். ஒன்றில் மட்டும் விலகினால் அந்தத் துண்டைச் சந்தேகியுங்கள். இதற்காகவே, தினமும் பயன்படுத்த ஒரு துண்டும், மாதம் ஒருமுறை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கும் இன்னொரு துண்டும் வைத்திருப்பது நல்லது. செலவு சிறிதுதான். தேய்ந்த துண்டை நம்பி மாதக்கணக்கில் தவறாக அளந்த பாகங்களின் மதிப்பை அதோடு ஒப்பிடவே முடியாது.

துண்டு கண்டுபிடிக்காத குறை

2.97 துண்டில் 2.95 வந்துவிட்டது. இதிலிருந்து தெரிவது, ஏறத்தாழ 3 மைக்ரான் Ra உள்ள, அகன்ற, ஒழுங்கான கோடுகளைக் கருவி சரியாக அளக்கிறது என்பது மட்டுமே. ஒரு கிலோ படிக்கல்லை வைத்துத் தராசு சரி என்று பார்த்துவிட்டு, அதே தராசில் பத்து கிராம் பொன் நிறுக்கக் கிளம்புவது போன்றது, இதை வைத்து 0.4 மைக்ரான் ஷாஃப்ட்டை முழு நம்பிக்கையோடு அளப்பது.

காரணம் ஊசி முனை. புதிய ஊசியின் வைர முனை 2 அல்லது 5 மைக்ரான் ஆரம் உள்ளது. 2 மைக்ரான் முனை பரப்பை அழுத்தும் விசை 0.75 மில்லிநியூட்டன், 5 மைக்ரான் முனைக்குப் பல கருவிகளில் 4 மில்லிநியூட்டன். நாளடைவில் முனை தேய்ந்து மழுங்கும், அல்லது ஒருமுறை விளிம்பில் தட்டி நுனி உடையும். மழுங்கிய முனை மாதிரித் துண்டின் அகன்ற பள்ளங்களில் இன்னும் சுலபமாக அடிவரை இறங்கும், ஏனெனில் 0.14 மில்லிமீட்டர் அகலம் என்பது அதற்கு ஒரு பெரிய பள்ளத்தாக்கு. ஆனால் கிரைண்டிங் செய்த பரப்பில் பள்ளங்கள் சில மைக்ரான் அகலமே உள்ள கீறல்கள். மழுங்கிய முனை அவற்றின் வாயிலேயே நின்றுவிடும், அடியைத் தொடாது. ஆழம் குறைந்து தெரியும், Ra குறைந்து வரும். துண்டு சரியென்று சொல்ல, ஷாஃப்ட் மட்டும் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

இதைப் பிடிக்க வழி உண்டு. ஊசி முனையின் நிலையைச் சோதிப்பதற்கென்றே மிகக் குறுகிய பள்ளங்கள் கொண்ட மாதிரிகள் இருக்கின்றன, ஐ.எஸ்.ஓ. 5436-1 அவற்றை பி வகை என்று பிரிக்கிறது. அது இல்லாவிட்டால், Ra 0.4 அளவிலான நெருங்கிய கோடுகள் உள்ள இரண்டாவது துண்டு போதும். பெரிய துண்டில் 2.95, சிறிய துண்டில் 0.41 வர வேண்டிய இடத்தில் 0.33 என்றால் பெருக்கம் சரி, முனைதான் போய்விட்டது. அதைத் திருத்தம் போட்டுச் சரிசெய்ய முடியாது. ஊசியை மாற்ற வேண்டும். அதுவும் இல்லாத சிறிய பட்டறை, ஊசி புதிதாக மாற்றிய நாளிலேயே ஒரு நல்ல கிரைண்டிங் ஷாஃப்ட்டை அளந்து, அளந்த இடத்தைக் குறியிட்டு, எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை அதே இடத்தில் அளந்தால் முனையின் தேய்மானம் தெரிந்துவிடும். சான்றிதழ் இல்லாத பாகம் என்றாலும் மாற்றத்தைக் காட்ட அது போதும்.

இன்னொரு சோதனை: தட்டையான நல்ல கண்ணாடித் துண்டின் மேல் ஊசியை ஓட்டிப் பாருங்கள். அங்கே வரும் Ra பரப்பினுடையது அல்ல. கருவியின் சொந்த இரைச்சலும் மேசையின் அதிர்வும்தான். நீங்கள் அளக்கப்போகும் எண்ணில் பத்தில் ஒரு பங்கைவிட அது குறைவாக இருந்தால் கவலையில்லை. பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடும்போது ஒருமுறையும் நின்றிருக்கும்போது ஒருமுறையும் அளந்து பார்த்தால், அளவீட்டு மேசையை எங்கே போட வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

சராசரி என்பதன் பொருள்

இனி அந்த எண்ணே எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். ஊசி வரைந்த மேடு பள்ளங்களுக்கு நடுவே ஒரு கோடு இழுக்கிறோம், மேலே உள்ள பரப்பளவும் கீழே உள்ள பரப்பளவும் சமமாகும்படி. பிறகு ஒவ்வொரு புள்ளியும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, மேலா கீழா என்ற குறியை விட்டுவிட்டு, சராசரி எடுக்கிறோம். அதுதான் Ra.

குறியை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று பரப்புகளைப் பத்துப் பத்துப் புள்ளிகளில் அளந்தோம் என்று வையுங்கள். முதல் பரப்பில் புள்ளிகள் மாறி மாறி ஒரு மைக்ரான் மேலே, ஒரு மைக்ரான் கீழே. Ra 1.0. இரண்டாவதில் ஒன்பது புள்ளிகள் நடுக்கோட்டுக்கு 0.56 மேலே ஏறக்குறைய தட்டையாக இருக்கின்றன. ஒன்று மட்டும் 5 மைக்ரான் கீழே, ஓர் ஆழமான கீறல். கூட்டி வகுத்தால் இதுவும் 1.0. மூன்றாவது, இரண்டாவதைத் தலைகீழாகக் கவிழ்த்தது: தட்டையான பரப்பில் 5 மைக்ரான் உயரத்தில் ஒரே ஒரு கூர்முனை. Ra மறுபடியும் 1.0.

ஆயில் சீலின் ரப்பர் உதட்டுக்கு இந்த மூன்றும் ஒன்றல்ல. இரண்டாவது பரப்பில் தட்டையான இடம் உதட்டைத் தாங்கும். கீறல் சுற்றளவின் போக்கில் இருந்தால் அதில் சிறிது எண்ணெய் தங்கும், அது நல்லதே. மூன்றாவது பரப்பில் அந்தக் கூர்முனை ஷாஃப்ட் சுழலும் ஒவ்வொரு முறையும் ரப்பரை அரத்தைப் போல அறுக்கும். Ra எண் இவற்றுக்கிடையே வேறுபாடே காட்டாது. எனவே Ra தேறிய பாகம் கசிகிறது என்று புகார் வந்தால், கருவி பொய் சொன்னது என்று முடிவுகட்ட வேண்டாம். கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது.

இதனால்தான் சீல் இருக்கைகளுக்கு வெறும் Ra மட்டும் கேட்பது போதாது. ஜெர்மானியத் தரமான டி.ஐ.என். 3760, ஷாஃப்ட்டில் Ra 0.2 முதல் 0.8 வரையும், கூடவே Rz 1 முதல் 5 வரையும் இருக்கச் சொல்கிறது. Rz என்பது ஒவ்வொரு கட்-ஆஃப் நீளத்திலும் மிக உயர்ந்த மேட்டுக்கும் மிக ஆழ்ந்த பள்ளத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, ஐந்து நீளங்களின் சராசரி. மேலே சொன்ன முதல் பரப்பில் அது 2, மற்ற இரண்டிலும் 5.56. கீழ்வரம்பு இருப்பதையும் கவனியுங்கள். மிக வழவழப்பான பரப்பில் எண்ணெய்ப் படலம் நிற்காது. உதடு உலர்ந்து எரியும். Ra குறையக் குறைய நல்லது என்பது பொதுவிதி அல்ல.

Ra-வையும் Rz-ஐயும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வந்தால் கருவியையும் அதனாலேயே சோதிக்கலாம். முக்கோணம் முக்கோணமாக ஒழுங்காக ஓடும் கோடுகளில் Rz எப்போதும் Ra-வின் நான்கு மடங்கு. வளைந்த சைன் அலையில் 3.14 மடங்கு. மாதிரித் துண்டின் Ra சரியாக வந்து, Rz மட்டும் சான்றிதழில் உள்ளதைவிட அதிகமாக வந்தால், எங்கோ ஒரு தூசியோ கீறலோ ஊசியைத் தூக்கியிருக்கிறது. Ra சராசரி என்பதால் ஒரு தூசியை விழுங்கிவிடும், Rz விழுங்காது.

எண் எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே தெரியுமா

லேத்தில் கடைந்த பரப்புக்கு ஓரளவு தெரியும். டூல் முனையின் ஆரம், ஒரு சுற்றுக்கு ஃபீடு, இரண்டும் இருந்தால் கணக்கிடலாம்:

```
Ra ≈ f² / (32 × r)
```

இதில் f ஃபீடு, r முனை ஆரம், இரண்டும் மில்லிமீட்டரில். ஃபீடு 0.2, ஆரம் 0.8 என்றால் 0.04-ஐ 25.6-ஆல் வகுக்க 0.0016 மில்லிமீட்டர், அதாவது 1.6 மைக்ரான். இது வடிவக் கணக்கு மட்டுமே. டூல் தேய்மானமும் அதிர்வும் உலோகம் கிழிவதும் எண்ணை உயர்த்தும். ஆகவே உண்மையான பரப்பில் 1.8, 2.0 வந்தால் வியப்பில்லை. ஆனால் 1.1 வந்தால் நம்பாதீர்கள். அப்போது மறுபடியும் கட்-ஆஃபைப் பாருங்கள். ஃபீடு கோடுகள் 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும்போது 0.25 கட்-ஆஃபில் அந்த அலையின் மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே வரும், 1.6 குறைந்து 1.1-க்கு அருகில் வந்து நிற்கும்.

எந்தக் கட்-ஆஃபை எப்போது வைப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 4288 தந்த அட்டவணை பட்டறைகளில் இன்றும் புழங்குகிறது. கிரைண்டிங் போன்ற ஒழுங்கற்ற பரப்புகளுக்கு Ra-வைப் பார்த்துத் தேர்வு: 0.1-க்கு மேல் 2 வரை இருந்தால் 0.8 மில்லிமீட்டர், 2-க்கு மேல் 10 வரை இருந்தால் 2.5. லேத் போல ஒழுங்கான கோடுகள் உள்ள பரப்புகளுக்கு Ra-வைப் பார்க்கக் கூடாது. கோடுகளின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். அது 0.13-க்கு மேல் 0.4 வரை என்றால் 0.8; 0.4-க்கு மேல் 1.3 வரை என்றால் 2.5. மாதிரித் துண்டின் Ra 2.97 ஆக இருந்தும் அதை 2.5-இல் அல்லாமல் 0.8-இல் அளப்பது இந்த இரண்டாம் விதியால்தான். இந்தக் குழப்பத்தில் துண்டை 2.5 கட்-ஆஃபில் ஓட்டுகிறவர்களும் உண்டு. ஐந்து மடங்கு பன்னிரண்டரை மில்லிமீட்டர், ஊசி துண்டின் கோடுபோட்ட பகுதியைத் தாண்டி வெளியே போய்விடும்.

தேறியதா இல்லையா

ஷாஃப்ட்டுக்குத் திரும்புவோம். உச்சவரம்பு 0.8. ஒரு இடத்தில் 0.83, மற்ற ஐந்து இடங்களில் 0.66 முதல் 0.75 வரை வருகிறது. தேறுமா?

வரைபடம் எந்தத் தரத்தின்படி போடப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஐ.எஸ்.ஓ. 4288 காலத்து வரைபடத்தில், எண்ணுக்கு முன் மேக்ஸ் என்ற சொல் இல்லாவிட்டால், அளவீடுகளில் 16 சதவீதத்துக்கு மேல் வரம்பைத் தாண்டாதவரை பாகம் தேறும். நடைமுறையில் இப்படிச் செய்யலாம்: பரப்பில் மோசமாகத் தெரியும் இடத்தில் முதலில் அளக்க வேண்டும். அது வரம்பில் 70 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், அதாவது இங்கே 0.56-க்குள் இருந்தால், அதோடு நிறுத்தலாம். இல்லாவிட்டால் மூன்று இடங்கள் வரை. மூன்றில் ஒன்றும் தாண்டாவிட்டால் தேர்ச்சி. தாண்டினால் ஆறு வரை. ஆறில் ஒன்றுக்கு மேல் தாண்டாவிட்டால் தேர்ச்சி. அதுவும் இல்லையெனில் பன்னிரண்டு வரை, இரண்டுக்கு மேல் தாண்டக் கூடாது. நம் ஷாஃப்ட் ஆறில் ஒன்றுதான் தாண்டியது, தேறும். ஆனால் 2021-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 21920 தொடர்படி போட்ட வரைபடத்தில், வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் எந்த அளவீடும் வரம்பைத் தாண்டக் கூடாது. அதே ஷாஃப்ட், அதே 0.83, அங்கே தேறாது. ஆகவே வாடிக்கையாளரிடம் வாதாடும் முன் வரைபடத்தின் மூலையில் எந்தத் தரம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அறிக்கையில் வெறுமனே Ra 0.71 என்று எழுதினால் அதை வேறொருவர் திரும்ப அளந்து பார்க்க முடியாது. கட்-ஆஃப், எத்தனை நீளம், ஊசி முனையின் ஆரம், எந்தத் திசையில் எந்த இடங்களில் அளந்தோம், அன்று காலை மாதிரித் துண்டு என்ன காட்டியது, இவையும் அந்த எண்ணோடு சேர வேண்டும். திரை 0.713 என்று மூன்று தசமம் காட்டினாலும் இரண்டோடு நிறுத்துங்கள். மூன்றாவது இலக்கம், ஊசியை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே மாறிவிடும்.